8 கிளிக்... 14 கிளிக்... எந்த கேப்ஷன் ஜெயிச்சுது? ஆம்பூர் ஷூ விளம்பரத்தில் ஒரு கணக்கு

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை... வேலூரைச் சுற்றியுள்ள இந்தத் தோல் பட்டையில் ஏற்றுமதிக்குத் தைக்கும் ஷூக்களை இன்ஸ்டாகிராமில் நேரடியாக விற்கப் பார்க்கும் இளைஞர்களுக்கு ஒரு கேள்வி வரும். ஒரே ஷூ, ஒரே போட்டோ. கேப்ஷன் மட்டும் இரண்டு. எதைப் போடுவது?

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். 'ஏ' கேப்ஷன்: "அசல் லெதர், ஆம்பூர் விலையில்". 'பி' கேப்ஷன்: "வெளிநாட்டுக்குப் போற ஷூ, இப்போ உங்க வாசலுக்கு". முதல் நாள் இரண்டும் தலா 400 பேருக்குக் காட்டப்படுகின்றன. 'ஏ'வுக்கு 8 கிளிக், 'பி'க்கு 14. "பி 75 சதவீதம் பெட்டர்" என்று மொத்த பட்ஜெட்டையும் அதில் போடலாமா?

கொஞ்சம் பொறுங்க. மொத்தம் 22 கிளிக்தான். இரண்டு கேப்ஷனுக்கும் வித்தியாசமே இல்லை என்றால், ஒவ்வொரு கிளிக்கும் பூவா தலையா போடுவது மாதிரிதான். 22 முறை காசு சுண்டினால், ஏதாவது ஒரு பக்கம் 14 அல்லது அதற்கு மேல் விழுவது 100-க்கு சுமார் 29 தடவை தானாகவே நடக்கும். கேப்ஷனுக்கு இதில் எந்த வேலையும் இல்லை.

கையாலேயே போட ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டையும் சம எண்ணிக்கையில் காட்டியிருந்தால், மொத்த கிளிக்கின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்குங்கள். இரண்டுக்குமான வித்தியாசம் அதைத் தாண்ட வேண்டும். 22-ன் வர்க்கமூலம் 4.7, இரு மடங்கு 9.4. இங்கே வித்தியாசம் வெறும் 6. தாண்டவில்லை.

அப்போ எத்தனை பேருக்குக் காட்டணும்? 2 சதவீத கிளிக் 3 சதவீதமாக உயர்வதை ஓரளவு நம்பிக்கையோடு பிடிக்க, ஒவ்வொரு கேப்ஷனையும் சுமார் 4,000 பேருக்காவது காட்ட வேண்டும். வித்தியாசம் இதைவிடச் சின்னது என்றால் எண்ணிக்கை மளமளவென ஏறும்.

வார்த்தையை மாற்றினால் கிடைக்கும் பலன் பெரும்பாலும் சின்னதுதான். அமெரிக்காவின் அப்வொர்த்தி தளம் 2013 முதல் 2015 வரை நடத்திய ஆயிரக்கணக்கான தலைப்புச் சோதனைகளை ஆய்வாளர்கள் அலசி, 2023-ல் வெளியிட்டார்கள். தலைப்பில் ஓர் எதிர்மறைச் சொல் கூடினால் கிளிக் விகிதம் 2.3 சதவீதம் உயர்ந்தது, அவ்வளவுதான். ஒரே நாளில் 75 சதவீதம் என்றால், சந்தோஷத்துக்கு முன்னால் சந்தேகம் வரணும்.

ஆட்டோமேட்டிக் என்றால் கவலை இல்லையா?

இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டா விளம்பரத்தில் ஒரே 'ஆட் செட்'டுக்குள் இரண்டு கேப்ஷனையும் போட்டுவிட்டால் அது சோதனை ஆகாது. ஆரம்பத்தில் முந்தும் விளம்பரத்துக்கே சிஸ்டம் அதிகம் பேரைக் காட்டத் தொடங்கிவிடும். முதல் நாள் அதிர்ஷ்டமே கடைசிவரை ஓடும். ஆட்ஸ் மேனேஜரில் உள்ள 'ஏ/பி டெஸ்ட்' வசதி பார்வையாளர்களைப் பிரித்துக் காட்டும். ஒருவர் ஒரு கேப்ஷனைத்தான் பார்ப்பார். 'ஏ'வை வெள்ளிக்கிழமையும் 'பி'யை ஞாயிற்றுக்கிழமையும் போஸ்ட் பண்ணி ஒப்பிடுவதும் வீண்தான். அங்கே ஜெயிப்பது கிழமையாகவும் இருக்கலாம்.

இன்னொரு பொறி, தினமும் டாஷ்போர்டைத் திறந்து பார்ப்பது. பார்ப்பதில் தப்பில்லை, முந்துகிற நேரமாகப் பார்த்து நிறுத்துவதில்தான் தப்பு. ஒரே ஒரு முறை பார்த்தால் தவறான வெற்றியாளர் கிடைக்கும் வாய்ப்பு 5 சதவீதம் என்றால், நடுநடுவே 10 முறை பார்த்து நிறுத்தினால் அது 19 சதவீதம் வரை போகும். அதனால் எண்ணிக்கையையும் நாளையும் முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். முழு வாரங்களாக ஓட்டினால் கிழமை வித்தியாசமும் சமமாகும். சம்பள வாரமும் மாதக் கடைசியும் ஒன்றல்ல என்பது தனிக்கதை.

மறுபடி நம்ம உதாரணத்துக்கு வருவோம். ஒரு வாரம் ஓட்டி, தலா 4,000 பேருக்குக் காட்டியாச்சு. 'ஏ'வுக்கு 88 கிளிக், 'பி'க்கு 124. மொத்தம் 212, வர்க்கமூலத்தின் இரு மடங்கு 29. வித்தியாசம் 36. இப்போ 'பி' தேறுகிறது. ஆனால், முதல் நாளின் 75 சதவீதம் 41 ஆகச் சுருங்கிவிட்டது. இந்த 41-உம் உறுதி இல்லை. உண்மையான பலன் இதைவிடக் குறைவாகவும் இருக்கலாம்.

ஆர்டர் எவ்வளவு? 'ஏ'வில் 9, 'பி'யில் 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். இதே கணக்கைப் போட்டால் தாண்ட வேண்டியது 8, வித்தியாசம் 1. அதாவது 'பி' அதிகம் பேரை கிளிக் பண்ண வைக்கிறது. அதிகம் ஷூ விற்கிறதா என்பதை இந்தச் சோதனை சொல்லவே இல்லை. கிளிக்குக்கு 'பி'யை வைத்துக்கொள்ளலாம், விற்பனைக்கு இன்னும் சில வாரம் இரண்டையும் ஓட்டித்தான் பார்க்கணும். யூடியூபின் தம்ப்நெயில் சோதனையும் வித்தியாசம் போதவில்லை என்றால் எதையும் வெற்றியாளராக அறிவிக்காது. அப்படி ஒரு நிலை வந்தால், ஓனருக்குப் பிடித்த கேப்ஷனையே போட்டுவிட்டு போட்டோவையோ விலையையோ மாற்றிப் பார்ப்பதுதான் லாபம்.