சர்வரின் மதிப்பீட்டுத் தாளில் என்ன எழுதுவது?

'சுறுசுறுப்பு போதாது' என்று எழுதினால் சர்வர் எதைத் திருத்திக்கொள்வார்? கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். உதாரணமாக:

"காலையில் ஆர்டரைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்கிறீர்கள், எதுவும் மாறிப்போவதில்லை. மாலைக் கூட்டத்தில் அந்தப் பழக்கம் விட்டுப்போகிறது. தீபாவளி வாரத்தில், வெங்காயம் இல்லாமல் கேட்ட ரவா தோசை வெங்காயத்தோடு போய்த் திரும்பி வந்தது. கூட்ட நேரத்திலும் திருப்பிச் சொல்லுங்கள். 'வெங்காயம் வேண்டாம்' என்பதைச் சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள். அடுத்த மாதம் சேர்ந்து பார்ப்போம்."

நடந்த அன்றே சொல்லாத புகாரை இந்தத் தாளில் முதன்முதலாகக் கிளப்புவது அநியாயம். பில் தாமதம் என்று எழுதும் முன்பு கேஷ் கவுண்டரையும் பாருங்கள். கூட்ட நேரத்தில் அங்கே ஒரே ஆள் இருந்தால், அந்தக் குறை சர்வருடையது அல்ல. ஆள் போடாத நிர்வாகத்துடையது.