பூச்சியம் நிறைந்த, ஆனால் பிளக்க முடியாத வளையம்

இரண்டு எண்களைப் பெருக்கிப் பூச்சியம் வந்தால், அவற்றில் ஒன்றாவது பூச்சியமாகத்தான் இருக்க வேண்டும். இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்தித் தீர்ப்பதே இந்த நம்பிக்கையில்தான். அணிகளிடம் இது செல்லாது. இரண்டு அணிகளை எடுத்துக்கொள்வோம்.

```
A = [1 2]     B = [ 2 0]
    [2 4]         [-1 0]
```

இடதுபுற அணியின் நிரையை வலதுபுற அணியின் நிரலோடு பெருக்கிக் கூட்டுவதுதான் அணிப் பெருக்கல். AB-யின் முதல் உறுப்பு 1×2 + 2×(−1), அதாவது 0. அதற்குக் கீழே 2×2 + 4×(−1), அதுவும் 0. B-யின் இரண்டாம் நிரல் முழுக்கப் பூச்சியம் என்பதால் மீதி இரண்டு உறுப்புகளும் பூச்சியமே. A-யும் பூச்சியமில்லை, B-யும் பூச்சியமில்லை. பெருக்கினால் மட்டும் பூச்சிய அணி. இப்படிப்பட்டவற்றைப் பூச்சிய வகுப்பான்கள் என்கிறோம்.

வரிசையை மாற்றிப் பெருக்கினால் வேறு விடை வருகிறது.

```
AB = [0 0]     BA = [ 2  4]
     [0 0]          [-1 -2]
```

அணிகளின் பெருக்கலில் வரிசையை மாற்றினால் விடை மாறலாம் என்பதை ஆர்தர் கெய்லி 1858-இல் அணிகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே குறிப்பிட்டிருக்கிறார். இங்கே அது உச்சத்துக்கே போய்விட்டது: ஒரு பக்கம் ஒன்றுமே மிஞ்சவில்லை, மறுபக்கம் நான்கு உறுப்புகளும் உயிரோடு இருக்கின்றன.

A-யின் இரண்டாம் நிரை முதல் நிரையின் இருமடங்கு. அதனால் அதன் அணிக்கோவை மதிப்பு 0. அதற்கு நேர்மாறு கிடையாது. நம் அணிகளின் உறுப்புகள் ஒரு களத்திலிருந்து வருபவை. விகிதமுறு எண்கள் என்றே வைத்துக்கொள்ளலாம். பூச்சியம் தவிர எந்த எண்ணாலும் வகுக்கலாம் என்பதே களத்தின் அடையாளம். அத்தகைய களத்தின் மேல் அமைந்த அணிகளில், நேர்மாறு இல்லாதவை எல்லாமே பூச்சிய வகுப்பான்கள்தான்.

இவ்வளவு ஓட்டைகள் இருக்கும் வளையம் எளிதில் உடையும் என்றுதான் தோன்றும். வளையத்தை உடைக்கும் கருவிக்கு ஐடியல் என்று பெயர். அது வளையத்துக்குள் இருக்கும் ஒரு கூட்டம். அதன் உறுப்புகளைத் தமக்குள் கூட்டினாலும் கழித்தாலும் விடை உள்ளேயே நிற்கும். வளையத்தின் எந்த உறுப்பால் இடப்புறமோ வலப்புறமோ பெருக்கினாலும் உள்ளேயே நிற்கும். முழு எண்களில் 12-இன் மடங்குகள் இப்படிப்பட்ட கூட்டம். அவற்றையெல்லாம் பூச்சியமாகப் பாவித்தால் கடிகாரக் கணக்கு கிடைக்கிறது: 13 மணி என்பது 1 மணி.

அணிகளில் இதற்கு எந்தக் கூட்டத்தை எடுப்பது? அணிக்கோவை 0 ஆக இருப்பவை அத்தனையையும் எடுக்கலாமே என்று பலருக்கும் தோன்றும். பெருக்கலில் அது தாக்குப்பிடிக்கும். அத்தகைய அணியை எதனால் பெருக்கினாலும் அணிக்கோவை 0-தான். கவிழ்வது கூட்டலில். அதைப் பார்க்க நம் A இருக்கும் ஏதாவதோர் ஐடியலுக்குள் நுழைவோம். துணைக்கு மூன்று சிறு அணிகள்:

```
P = [1 0]     Q = [0 0]     R = [0 1]
    [0 0]         [1 0]         [0 0]
```

மூன்றாவதாக எழுதிய R, Q-வின் மறுபக்கத் துணை. A-யை இரு பக்கமும் P-யால் பெருக்கினால், PAP-இல் மூலையிலுள்ள 1 மட்டும் மிஞ்சும். இடப்பக்கம் Q, வலப்பக்கம் R வைத்துப் பெருக்கினால், Q முதல் நிரையைக் கீழே தள்ளும், R முதல் நிரலை வலப்பக்கம் தள்ளும். அதே 1 எதிர் மூலைக்குப் போய்ச் சேரும்.

```
PAP + QAR = [1 0] + [0 0] = [1 0]
            [0 0]   [0 1]   [0 1]
```

இரண்டும் ஐடியலுக்குள் இருப்பவை. ஆகவே அவற்றின் கூட்டலான அலகு அணியும் உள்ளே. அலகு அணி உள்ளே வந்துவிட்டால், அதை எந்த அணியால் பெருக்கினாலும் அந்த அணியே கிடைப்பதால், மொத்த வளையமும் உள்ளே வந்துவிடுகிறது. மூலையில் 1-க்குப் பதில் 5 இருந்தால் 1/5-ஆல் பெருக்கிக்கொள்ளலாம். மூலையில் 0 இருந்தால், பூச்சியமில்லாத வேறோர் உறுப்பை இதே தள்ளல்களால் அங்கே கொண்டுவரலாம். ஆக, பூச்சிய அணி மட்டும் உள்ள கூட்டம், முழு வளையம் என்ற இரண்டைத் தவிர இருபக்க ஐடியல் வேறில்லை. எந்த அளவுச் சதுர அணிக்கும் இதே வாதம்தான்.

இரு பக்கமும் என்பது முக்கியம். இரண்டாம் நிரல் பூச்சியமாக உள்ள அணிகளை (நம் B போல) இடப்பக்கமிருந்து எதனால் பெருக்கினாலும் அந்த நிரல் பூச்சியமாகவே இருக்கும். வலப்பக்கம் R-ஆல் பெருக்கிப் பாருங்கள்: BR-இல் 2-உம் −1-உம் இரண்டாம் நிரலுக்குத் தாவிவிடும். ஒருபக்க ஐடியல்கள் ஏராளம், இருபக்கம்தான் தாங்குவதில்லை. வரிசை மாறினால் விடை மாறும் என்ற குணம் இந்த வேறுபாட்டுக்கு இடமளிக்கிறது.

வகுத்தலைப் பறித்துவிட்டால் இந்த உறுதியும் போய்விடும். உறுப்புகள் முழு எண்களாக மட்டும் இருக்கட்டும். எல்லா உறுப்புகளும் இரட்டை எண்களான அணிகளைச் சேர்த்துப் பாருங்கள். எந்தப் பக்கம் பெருக்கினாலும், எப்படிக் கூட்டினாலும் இரட்டை எண்களே வரும். 2-ஐ 1 ஆக்க அங்கே வழியில்லாததால், அந்தக் கூட்டத்துக்குள் அலகு அணி வருவதே இல்லை.