கோடிட்ட இடத்தில் 'ஃபியூ'வா, 'லிட்டில்'லா?

எஸ்.எஸ்.சி., வங்கித் தேர்வுகளுக்குப் படிப்பவர்கள் நன்கு அறிந்த கேள்வி வகை இது: "ஹி ஹேட் ____ மணி, ஸோ ஹி குட் நாட் பை தி டிக்கெட்." விடைகள் நான்கு: ஃபியூ, எ ஃபியூ, லிட்டில், எ லிட்டில்.

முதலில் கோட்டுக்கு அடுத்த சொல்லைப் பாருங்கள். ரூபாயை எண்ணுகிறோமே என்று தோன்றும். ஆனால் ஆங்கில இலக்கணத்தில் 'மணி' எண்ண முடியாத பெயர்ச்சொல். 'டூ மணி' என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே ஃபியூ இரண்டும் அடிபட்டுப் போகின்றன. மெனி, மச் குழப்பமும் இதே சோதனையில் தீர்ந்துவிடும்.

மிச்சமுள்ள இரண்டில்தான் பலர் சறுக்குகிறார்கள். முன்னால் 'எ' இருந்தால் கொஞ்சமாவது கையில் இருக்கிறது. இல்லாவிட்டால் ஏறக்குறைய ஒன்றுமில்லை. எது சரி என்பதை வாக்கியத்தின் பின்பாதி சொல்லும். டிக்கெட் வாங்க முடியவில்லை, எனவே லிட்டில். 'ஸோ ஹி பாட் எ டிக்கெட்' என்று முடிந்திருந்தால் எ லிட்டில்.

'எ நம்பர் ஆஃப்' வேறு ரகம். "எ நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ்" என்றால் மாணவர்கள் பலர், 'ஆர்' வரும். "தி நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ்" என்றால் பேச்சு எண்ணிக்கையைப் பற்றியது; அது ஒருமை, 'இஸ்' வரும். கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் 'ஸ்டூடண்ட்ஸ்' வெறும் தூண்டில்.

நேரமில்லை என்று கோட்டோடு வாசிப்பை நிறுத்திவிடாதீர்கள். முற்றுப்புள்ளி வரை படித்துவிட்டு விடையைத் தொடுங்கள்.