ஒன்பது வருடம், ஐந்தாறு வாக்கியம்

சென்னையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவு. புதிதாகச் சேர்ந்தவரை எல்லோர் முன்னும் நிறுத்தி, "உங்களைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க மேடம்" என்கிறார் மேலாளர். அவர் 2015இல் வேலையை விட்டு 2024இல் திரும்பியவர் என்று வைத்துக்கொள்வோம்.

இந்த இடத்தில் பலருக்கும் சட்டென்று வாயில் வருவது, "இத்தனை வருஷம் வீட்ல சும்மாதான் இருந்தேன்." படுக்கையில் கிடந்தவரைப் பார்த்துக்கொண்டது சும்மா இருந்ததாகுமா? வேறு சிலர் பழைய வேலையின் கடைசித் தேதியை இரண்டு வருடம் நீட்டிச் சொல்லிப் பார்ப்பார்கள். பி.எஃப். கணக்கில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் இருப்பதால், அது அலுவலகத்தின் சரிபார்ப்பிலேயே பிடிபட்டுவிடும்.

இடைவெளிக்கான காரணத்தை நேர்முகத்தேர்விலேயே கேட்டு முடித்திருப்பார்கள். பக்கத்து மேசைக்காரருக்குத் தெரிய வேண்டியது வேறு: இவரிடம் எந்த வேலையை நம்பிக் கொடுக்கலாம்? அதற்குப் பதில் இப்படி இருக்கலாம்:

"வாட், சேவை வரி ரெண்டும் எட்டு வருஷம் பார்த்தேன். 2015ல மாமியாருக்குப் பக்கவாதம் வந்ததால வேலையை விட்டேன். இப்ப அந்தப் பொறுப்பு இல்லை. ஜிஎஸ்டி வகுப்புல படிச்சிருக்கேன், ஆனா நானே ரிட்டர்ன் தாக்கல் பண்ணினதில்ல. வங்கிக் கணக்கு ஒத்துப்பார்க்கிறதை இன்னைக்கே கொடுங்க. 14ஆம் தேதி 2B வந்ததும் யார் பக்கத்துல உட்காரணும்னு மட்டும் சொல்லுங்க."

நோயைப் பற்றி ஒரே வாக்கியம். "இப்ப அந்தப் பொறுப்பு இல்லை" என்பது, மறுபடியும் போய்விடுவாரோ என்று யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்விக்குப் பதில். பொறுப்பு இன்னும் இருந்தால், எந்த நாள் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதைச் சொல்லிவிடலாம்.

கடைசி வாக்கியத்தில்தான் விஷயமே இருக்கிறது. அவர் போன பிறகு, 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. மாதாமாதம் தாக்கல் செய்யும் விற்பனையாளர்கள் தங்கள் பில்களை அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள் ஏற்ற, 14ஆம் தேதி GSTR-2B அறிக்கை உருவாகும். அதை நம் கொள்முதல் கணக்கோடு ஒத்துப்பார்த்து 20ஆம் தேதிக்குள் GSTR-3B தாக்கல் செய்ய வேண்டும். அதில் வராத பில்லுக்கு வரவு எடுத்துப் பயன்படுத்திவிட்டால், பிறகு வட்டியோடு கட்ட நேரிடும். முதல் நாள் எல்லாம் தெரிந்ததுபோலத் தலையாட்டியவர் மாட்டிக்கொள்வது இந்த ஆறு நாட்களில்தான். தெரியாததைப் பெயர் சொல்லிக் காட்டியவருக்கு அதற்குள் துணைக்கு ஆள் கிடைத்திருக்கும்.

"டேலி எதுல பழக்கம்?" என்று ஒருவர் கேட்கிறார்.

"ஈஆர்பி நைன். பிரைம் ரெண்டு மாசமாத்தான் பழகுறேன்."

"சரி, நாற்காலியை இந்தப் பக்கம் போட்டுக்குங்க மேடம்."