குழுவில் கயல் இருக்கிறாளா?

பதினொன்றாம் வகுப்பில் ஈருறுப்புத் தேற்றத்தைக் கணிதத் தொகுத்தறிதல் முறையில் நிரூபிப்பது வழக்கம். முதல் படி சரி, ஒரு படி சரியென்றால் அடுத்ததும் சரி, ஆகவே எல்லாம் சரி. குறை சொல்ல முடியாத நிரூபணம்தான். ஆனால் (a+b)⁵ என்பதை விரித்தால் 1, 5, 10, 10, 5, 1 என்ற எண்கள் ஏன் வருகின்றன என்று கேட்கும் பிள்ளைக்கு அதில் பதில் கிடைப்பதில்லை. ஒரு குழுவுக்கு ஆள் எடுத்துப் பார்த்தால் கிடைக்கிறது.

மணி, நிலா, ரவி, செல்வி, கயல் என்று ஐந்து மாணவர்கள். பள்ளி நூலகக் குழுவுக்கு இரண்டு பேர் வேண்டும். எத்தனை விதமாக எடுக்கலாம்? மொத்தமாக எண்ணாமல், கயலை மட்டும் தனியே நிறுத்துவோம். எந்தக் குழுவானாலும் அதில் கயல் இருப்பாள், அல்லது இருக்கமாட்டாள். இருந்தால், மீதி நால்வரில் ஒருவரை மட்டும் சேர்க்க வேண்டும். அதற்கு 4 வழி. இல்லாவிட்டால், அந்த நால்வரிலிருந்தே இருவரும் வர வேண்டும்: மணி-நிலா, மணி-ரவி, மணி-செல்வி, நிலா-ரவி, நிலா-செல்வி, ரவி-செல்வி என்று 6 வழி. ஆக 10.

n பேரில் k பேரை எடுக்கும் வழிகளை C(n, k) என்று எழுதினால், இப்போது சொன்னதுதான் கூட்டல் விதி:

C(n, k) = C(n−1, k−1) + C(n−1, k)

பாஸ்கல் முக்கோணத்தில் மேலே உள்ள இரண்டு எண்களைக் கூட்டிக் கீழே எழுதுகிறோமே, அது இதுதான். காரணியப் பெருக்கச் சூத்திரத்தைப் போட்டு, பகுதியைச் சமமாக்கியும் இதை நிறுவலாம். கணக்கு முடியும், காரணம் தெரியாது.

கூட்டலாமா என்பதை மட்டும் ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும். கயல் உள்ள குழுக்கள், இல்லாத குழுக்கள் என்ற இரண்டு பிரிவிலும் ஒரே குழு வர முடியாது. எந்தக் குழுவும் விடுபடவும் முடியாது. அதனால்தான் கூட்டினோம். ‘கயலோ மணியோ இருக்கும் குழுக்கள் எத்தனை?’ என்று கேட்டால், கயலுக்கு 4, மணிக்கு 4, மொத்தம் 8 என்று சொல்லத் தோன்றும். அது தவறு. கயலும் மணியும் சேர்ந்த குழு இரண்டு முறை எண்ணப்பட்டுவிட்டது. சரியான விடை 7.

இனி தேற்றத்துக்கு வருவோம். (a+b)⁵ என்பது ஐந்து அடைப்புகளின் பெருக்கல். ஒவ்வோர் அடைப்பையும் ஒரு மாணவராக எடுத்துக்கொள்ளுங்கள். பெருக்கும்போது ஒவ்வோர் அடைப்பிலிருந்தும் a அல்லது b, இரண்டில் ஒன்றை எடுக்கிறோம். b எடுத்தால் அந்த மாணவர் குழுவில் இருக்கிறார். a எடுத்தால் இல்லை. மணியும் ரவியும் சேர்ந்த குழு b·a·b·a·a என்ற பெருக்கலைத் தரும், அதாவது a³b². இருவர் குழு எதை எடுத்தாலும் a³b²தான் வரும். அப்படிப்பட்ட குழுக்கள் 10. ஆகவே a³b²-இன் கெழு 10. இதில் 5-க்குப் பதில் n, 2-க்குப் பதில் k என்று போட்டால் aⁿ⁻ᵏbᵏ-இன் கெழு C(n, k). ஈருறுப்புத் தேற்றம் முழுவதும் இவ்வளவுதான்.

கயல் இங்கேயும் இருக்கிறாள். அவளைக் கடைசி அடைப்பாக வையுங்கள். முதல் நான்கு அடைப்புகளின் விரிவில் 6a²b² உண்டு, 4a³b உண்டு. a³b² வேண்டுமானால், முன்னதைக் கயலின் a-யாலும் பின்னதை அவளுடைய b-யாலும் பெருக்க வேண்டும்: 6 + 4. தொகுத்தறிதல் நிரூபணத்தின் நடுவே, ஏதோ தந்திரம்போலக் கூட்டல் விதி வந்து நுழையும் இடம் இதுவே. அங்கே நடப்பது கயலைச் சேர்ப்பதும் விடுவதும்தான்.

இந்த வாதத்துக்கு எல்லையும் உண்டு. babaa-வும் bbaaa-வும் ஒன்றே என்று சொல்ல, ab-யும் ba-வும் சமமாக இருக்க வேண்டும். எண்களுக்கு அது சரி. அணிகளுக்குப் பொதுவாகச் சரியல்ல. அடுக்கும் முழு எண்ணாக இருக்க வேண்டும். அடுக்கு ½ ஆனால் நியூட்டன் கண்ட முடிவிலித் தொடர் வருகிறது; அங்கே எண்ணுவதற்கு ஆட்களும் இல்லை, குழுவும் இல்லை.

வீட்டில் படிக்கும் பிள்ளை இருந்தால் இந்தக் கேள்வியைக் கொடுத்துப் பாருங்கள்: ஐந்து பேரில் இருவர் குழு, அந்த இருவரில் ஒருவர் தலைவர், எத்தனை வழி? குழுவை முதலில் எடுத்தால் 10 × 2. தலைவரை முதலில் எடுத்தால் 5 × 4. இரண்டும் ஏன் சமமாகவே இருக்க வேண்டும் என்று பிள்ளையே சொல்லட்டும். பிறகு அதை n, k கொண்டு எழுதச் சொல்லுங்கள்.