ஆபீஸ் மெயில்ல திறந்த சொந்தக் கணக்கு: வேலையை விட்டா என்ன ஆகும்?

சொந்த உபயோகத்துக்கு ஒரு ஆப், ஆனா அதுல கொடுத்தது ஆபீஸ் மெயில் ஐடி. வேலையை விட்டதும் அந்தக் கணக்கு என்ன ஆகும்னு இன்னைக்குப் பார்ப்போம்.

என் ஃப்ரெண்ட் ஒருத்தர் மூணு வருஷமா வீட்டுச் செலவை ஒரு ஆப்ல எழுதிட்டு வந்தார். முதல் தடவை `Continue with Google` அழுத்தி, ஆபீஸ் கணக்கு வழியா உள்ளே போயிருந்தார். ரிலீவ் ஆன அன்னைக்கு சாயங்காலமே ஆபீஸ் மெயிலை முடக்கிட்டாங்க. ஆனா போன்ல ஆப் எப்பவும் போல ஓடுச்சு. ரெண்டு வாரம் கழிச்சு புது போன் வாங்கினப்பதான் கதவு மூடியிருக்குன்னு தெரிஞ்சது.

பழைய போன்ல மட்டும் எப்படி ஓடுச்சு? லாகின் பண்ற நேரத்துல மட்டும்தான் கூகுள் "இவர் இன்னார்"னு ஆப்புக்குச் சொல்லும். அதுக்கப்புறம் ஆப் தன்னோட டோக்கனை போன்ல வச்சுக்கும். மெயிலை மூடின விஷயம் பல ஆப்களுக்குத் தெரியவே தெரியாது. அதனால பழைய போன்ல லாக்-அவுட் பண்ணாதீங்க, ஆப்பை நீக்காதீங்க, போனை ரீசெட்டும் பண்ணாதீங்க.

அவர் முதல்ல செட்டிங்ஸ்ல மெயில் ஐடியை மாத்தப் பார்த்தார். ஆப் பாஸ்வேர்ட் கேட்டுச்சு. கூகுள் வழியா வந்தவருக்குப் பாஸ்வேர்டே கிடையாது. புதுசா வைக்கலாம்னா, அதுக்கான லிங்க் மூடின மெயிலுக்குத்தான் போகும். ஆனா `Export` வேலை செஞ்சது. மூணு வருஷக் கணக்கும் ஒரு சிஎஸ்வி ஃபைலா வந்துடுச்சு. அப்புறம் ஆப்போட சப்போர்ட்டுக்கு எழுதினார். சந்தா கட்டினது அவரோட சொந்த பிளே ஸ்டோர் கணக்குல. `GPA`னு தொடங்குற அந்த ஆர்டர் எண்ணை ஆதாரமா அனுப்பினதும் மெயில் ஐடியை மாத்திக் கொடுத்தாங்க. இலவச ஆப்பா இருந்தா இப்படி ஒரு ஆதாரம் கிடைக்கிறது கஷ்டம்.

இன்னொரு வழி, பழைய ஆபீஸ் ஐடி டீம். முடக்கின கணக்கை அவங்க திரும்பத் திறக்கலாம். அழிச்சிருந்தா, கூகுள் வொர்க்ஸ்பேஸ்ல 20 நாளுக்குள்ள மட்டும்தான் மீட்க முடியும். செய்யறதும் செய்யாததும் அவங்க விருப்பம்.

இதுல பெரிய ஆபத்து வேற. நீங்க போன பிறகு அந்த முகவரிக்கு வர்ற மெயிலை மேனேஜருக்குத் திருப்பி விடுறது சகஜம். மெயில் வழியா பாஸ்வேர்ட் மாத்த விடுற ஆப்னா, அந்த லிங்க்கும் அவர் கைக்குத்தான் போகும். உங்க கணக்குக்குள்ள நீங்க போக முடியாது, ஆனா அவர் போகலாம்!

நோட்டீஸ் பீரியட்ல இருக்கீங்களா? ஆபீஸ் கணக்குல `myaccount.google.com/connections` திறங்க. கூகுள் வழியா நீங்க நுழைஞ்ச ஆப்கள் அங்க வரிசையா இருக்கும். மெயில் ஐடியை டைப் பண்ணிச் சேர்ந்த ஆப்கள் அதுல வராது. அதுக்கு இன்பாக்ஸ்ல `verify` னு தேடுங்க. சொந்த ஆப் ஒவ்வொண்ணுலயும் முதல்ல பாஸ்வேர்ட் வைங்க, அப்புறம் மெயில் ஐடியை மாத்துங்க. உறுதி செய்யச் சொல்லி பழைய முகவரிக்கும் மெயில் வரலாம். அதை அழுத்த அந்த இன்பாக்ஸ் உங்ககிட்ட இருக்கணும், அதனால கடைசி நாள் வரைக்கும் தள்ளிப் போடாதீங்க.