மண்டபம் இல்லாத கல்யாணம்

தாலி கட்டும் நேரத்தில் மணப்பெண் எழுந்து போகிறாள். எழுத ஒரே வரி. எடுக்க மண்டப வாடகை, பூ அலங்காரம், நூறு துணை நடிகர்கள், அத்தனை பேருக்கும் சாப்பாடு.

இந்தக் காட்சியில் மாறுவது பெண்ணின் மனசுதான். அதை மணமகள் அறையிலேயே எடுக்கலாம். அவளும் அம்மாவும் மட்டும். வெளியே நாதஸ்வரம், “பொண்ணை அழைச்சுட்டு வாங்க” என்றொரு குரல். இரண்டும் ஒலிச்சேர்க்கையில் வந்துவிடும். பெண் மாலையைக் கழற்றி அம்மா கையில் வைக்கிறாள். மாமா பேசவிருந்த இரண்டு வரியை அம்மாவே பேசிவிடலாம். ஒரு நடிகர் மிச்சம்.

வெளியே நடப்பதையெல்லாம் அம்மா விவரிக்கத் தொடங்கினால் காட்சி வானொலி நாடகமாகிவிடும். மாப்பிள்ளை ஊர் முன்னால் அவமானப்படுவதுதான் பின்கதைக்கு வேர் என்றால், மண்டபத்தைத் தொடாதீர்கள். வேறு காட்சியில் வெட்டுங்கள்.